ஐம்பத்துமூன்று விநாடி

பூதலிங்கத்தை வேலையைவிட்டு நிறுத்திய செய்தி, அவர் வீடு வந்து சேருவதற்கு முன்பே எங்கள் ஸ்ரீவராகம் தெருவுக்கு வந்துவிட்டது. கொண்டுவந்தது நான்தான். பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போன இடத்தில், கரமனை பெயிண்ட் கம்பெனியின் கணக்கர் எனக்கு முன்னால் வரிசையில் நின்றார். மனிதர் வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவர். எனக்கோ காதை மூடத் தெரியாது.

சங்கதி இதுதான். கம்பெனி முதலாளி வேலாயுதன். இரும்புப் பாலங்களுக்குப் பூசும் சாம்பல்நிறப் பெயிண்டை சர்க்காருக்கு விற்கிறார். பெயிண்ட் ரொம்ப நீர்த்தாலும் ஆகாது, ரொம்பக் கெட்டித்தாலும் ஆகாது. அதைப் பார்க்க ஒரு கப் உண்டு: அடியில் துவாரம் வைத்த பித்தளைக் கிண்ணம். துவாரத்தை விரலால் பொத்திக்கொண்டு விளிம்புவரை நிரப்பி, விரலை எடுத்ததும் கையிலுள்ள ஸ்டாப் வாட்சை அமுக்க வேண்டும். ஒழுக்கு நூல்போல விழுந்துகொண்டே இருக்கும். அந்த நூல் முதன்முதலாக அறுகிற கணத்தில் வாட்சை நிறுத்த வேண்டும். அறுபதிலிருந்து எழுபது விநாடிக்குள் இருந்தால் பெயிண்ட் சரி. அந்த அளவுக்குத்தான் விஸ்காசிட்டி என்று பெயர்.

கம்பெனியில் இரண்டு கப் இருந்தன. ஒன்று சோதனை பார்க்கும் பூதலிங்கத்தின் மேஜையில். மற்றது பெரிய கெமிஸ்ட் பட்டாபியின் அறையில். பட்டாபி எங்கள் பக்கத்துத் தெரு, பி.எஸ்ஸி. அந்தப் பட்டத்தை அவர் பஞ்சகச்சத்தோடு சேர்த்துத்தான் கட்டுவார் என்று தெருவில் சொல்வார்கள். சொல்வது பெரும்பாலும் நான்.

அன்று பூதலிங்கம் தன் கப்பில் அளந்து அறுபத்தைந்து என்று எழுதினார். பட்டாபி தன் கப்பில் அளந்தபோது ஐம்பத்தெட்டு. யார் கப்பு தப்பு என்று பார்ப்பதுதான் நியாயம். பட்டாபி பார்க்கவில்லை. நேரே முதலாளி அறைக்குப் போனார்.

"இவர் அளக்கவே இல்லை. டீ குடிச்சுண்டு நின்னுட்டு மனசுல தோணினதை எழுதியிருக்கார்."

பூதலிங்கம் அவ்வளவு சட்டென்று பேசுகிற ஆள் இல்லை. இருந்தும் ஒரு வார்த்தை கேட்டார்: "ரெண்டு கப்பையும் அந்த சர்டிபிகேட் எண்ணெயிலே ஓட்டிப் பாப்போமே சார்?"

சர்டிபிகேட் எண்ணெய் என்பது சீமையிலிருந்து வந்த சரக்கு. இன்ன சூட்டில் இதன் விஸ்காசிட்டி இவ்வளவு என்று ஒரு பெரிய ஆய்வுக்கூடம் அளந்து கையெழுத்துப் போட்டு அனுப்பும். அந்த எண்ணெயைக் கப்பில் ஓட்டினால் எத்தனை விநாடி வரவேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம். கப்பு அந்த விநாடியைச் சொன்னால் யோக்கியமான கப்பு. சொல்லாவிட்டால் பொய்யான கப்பு.

பட்டாபி ஒரு ரெஜிஸ்டரைக் காட்டினார். "மாசாமாசம் நான் ஓட்டிப் பார்த்துண்டுதான் இருக்கேன். இதோ பாருங்கோ, அந்த எண்ணெய்க்கு என் கப்பு ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு. சர்டிபிகேட் பிரகாரம் அச்சா இருக்கு. இவர் கப்பைக் கீழே போட்டு நசுக்கியிருப்பார். இல்லேன்னா பொய். ரெண்டுல எதுன்னு அவரே சொல்லட்டும்."

முதலாளிக்குக் கப்பும் தெரியாது, எண்ணெயும் தெரியாது. பி.எஸ்ஸி. தெரியும். பூதலிங்கம் மாலைக்குள் வெளியே. அவருடைய கப்பு தட்டுமுட்டுச் சாமான் பெட்டிக்குள்.

இது ஐம்பத்தொன்றாம் வருஷம், ஆடி மாசம்.

*

வேலை போனதைவிட, 'அளக்காமல் எழுதினவர்' என்ற பெயர்தான் அவரைத் தின்றது. பழவங்காடியில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலைக்கு நின்றார். ஆணி நிறுத்துக் கொடுப்பார். வாங்குகிறவன் தராசை ஒருதரம் கூடுதலாகப் பார்த்தால் போதும், அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்காது.

அவர் சம்சாரம் நீலாம்பாளுக்குச் சோறெல்லாம் நன்றாகவே இறங்கியது. அவளுக்கு இறங்காதது பட்டாபிதான். தினமும் காலையில் பட்டாபி கோயிலுக்குப் போகிற வழி எங்கள் தெரு. இடுப்பில் ஒரு சாவிக்கொத்து தொங்கும். அதிலே பல் குத்த ஒன்று, காது குடைய ஒன்று என்று இரண்டு எஃகுக் குச்சிகள். நடக்கும்போது கிணுகிணுவென்று சத்தம். அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் நீலாம்பாள் வாளியோடு வாசலுக்கு வருவாள். அவர் தாண்டிப் போகும்வரை காத்திருந்து, அவர் மிதித்த இடமாகப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவாள். மூன்று வருஷம், மழை நாளிலும். மழையில் என்னத்துக்கு என்று ஒருதரம் கேட்டேன்.

"மழைக்கி அவன் ஆருன்னு தெரியாதுல்லா அண்ணாச்சி" என்றாள்.

நவராத்திரிக்குப் பட்டாபி வீட்டிலிருந்து சுண்டல் வந்தது. கொண்டுவந்த அவர் சம்சாரம் பாவம், இதிலெல்லாம் கலக்காதவள். நீலாம்பாள் பாத்திரத்தை வாங்கி, அங்கேயே நின்று, தெருப் பசுவுக்கு வைத்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவித் துடைத்துக் கையில் கொடுத்தாள். மரியாதைக்குக் குறைச்சல் வைத்தாள் என்று யாராலும் சொல்ல முடியாது.

*

ஐம்பத்துநாலில் காற்று மாறியது. அதுவரை சர்க்கார் பெயிண்ட் வாங்குகிற அழகு, தூரிகையை டப்பாவில் முக்கிப் பார்த்துத் தலையாட்டுவதுதான். புதிதாக ஒரு பரிசோதனைச்சாலை வைத்தார்கள். அதில் நான் டைப்பிஸ்ட். அதிகாரி யோசுவா, தெற்கே விளவங்கோடு பக்கத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டு, மற்ற ஆறு நாளும் தெர்மாமீட்டர். கப்பு பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தார். மூன்று பேர் வந்தார்கள். அதில் இருவருக்குக் கப்பு என்றால் டீ.

மூன்றாவது ஆள் பூதலிங்கம்.

"முந்தின வேலையை ஏன் விட்டீரு?" என்றார் யோசுவா.

"விடல்ல சார். விரட்டினாங்க. அளக்காம எழுதினேன்னு."

"அளக்காம எழுதினீரா?"

"இல்ல சார்."

 யோசுவா கப்பையும் ஒரு டப்பா பெயிண்டையும் நகர்த்தி வைத்தார். பூதலிங்கம் முதலில் தாங்கி சமமாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தார். பெயிண்டைக் கலக்கி, துணியில் வடிகட்டி, தெர்மாமீட்டரை விட்டுக் காத்திருந்தார். சூடு எண்பத்தாறு டிகிரி பாரன்ஹீட்டுக்கு வந்த பிறகுதான் விரலைத் துவாரத்தில் வைத்தார். ஓட்டி முடித்ததும் முதல் காரியமாகக் கப்பை டர்பன்டைனில் அலசி, பழைய மல்துணியால் ஒற்றி எடுத்தார்.

"நாளைக்கே வாரும்" என்றார் யோசுவா.

அந்தப் பரிசோதனைச்சாலைக்கும் சீமை எண்ணெய் வந்திருந்தது. பூதலிங்கம் மாதம் முதல் தேதி கப்பை அதில் ஓட்டுவார். இது வேறு எண்ணெய்; இதன் சர்டிபிகேட் கணக்கின்படி அறுபத்திரண்டு விநாடி வரவேண்டும். அறுபத்திரண்டு வரும். சில மாதம் அறுபத்தொன்றரை, சில மாதம் அறுபத்திரண்டரை. வந்ததை வந்தபடியே எழுதி, தேதி போட்டு, யோசுவாவிடம் கையெழுத்து வாங்குவார். டைப் அடிக்கிற எனக்கு அலுத்துப்போகும்.

ஆனால் பொழுது போகாமல் அவர் இதைச் செய்யவில்லை. காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். கரமனைப் பெயிண்ட் ஒருநாள் இந்த மேஜைக்கு வந்தே தீரவேண்டும்.

ஐப்பசியில் வந்தது. நாற்பது டிரம். மூன்றைத் திறந்து மாதிரி எடுத்தார்கள். பூதலிங்கம் அளந்தார். எழுபத்தாறு. மறுபடி அளந்தார். எழுபத்தாறு. மூன்றாம் தரம் எழுபத்தாறரை. எழுபதுக்கு மேலே போனால் தூரிகையில் இழுபடும், கோடு கோடாக நிற்கும். தள்ளவேண்டிய சரக்கு.

அன்று மாலை அவர் வீட்டில் பேசியது என் வீட்டு ஜன்னலுக்குக் கேட்டது. ஜன்னல் அப்படி வைத்துக் கட்டியிருக்கிறது, நான் என்ன செய்ய.

"எளுவத்தாறு போதுமா?" என்றாள் நீலாம்பாள்.

"தள்ளுகதுக்குப் போதும்."

"அவனைத் தள்ளுகதுக்கு?"

பூதலிங்கம் தட்டை இழுத்துப்போடுகிற சத்தம். அவளே தொடர்ந்தாள்.

"ரெண்டு கரண்டி வெளக்கெண்ணெய ஊத்தி வைங்க. நூறு காட்டும். ஊரு சிரிக்கும்."

"சீ, அது அவன் செய்யுத வேலை" என்றார் பூதலிங்கம். அவர் குரலை அவ்வளவு தெளிவாக நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. "நான் ஒரு சொட்டு கூட்டமாட்டேன், ஒரு சொட்டு குறைக்கமாட்டேன். அவனை அளந்தே கொல்லுவேன்."

நீலாம்பாள் அன்று அவருக்கு இரண்டாம் தரம் ரசம் ஊற்றினாள். அதுவும் கேட்டது.

*

சரக்கைத் தள்ளிய கடிதத்தை நான்தான் அடித்தேன். கீழே ஒரு வரி பூதலிங்கம் சேர்க்கச் சொன்னார்: கம்பெனிக்கு ஆட்சேபம் இருந்தால், தங்கள் கப்பையும் ரெஜிஸ்டரையும் கொண்டுவந்து இரு தரப்பும் சேர்ந்து சோதிக்கலாம். விதியில் இருப்பதுதான். வழக்கமாக யாரும் எழுதுவதில்லை.

மறுநாளே வந்தார்கள். முன்னால் வேலாயுதன், பின்னால் பட்டாபி, கிணுகிணு. பட்டாபியின் கையில் பட்டுத்துணி சுற்றிய கப்பு, கக்கத்தில் ரெஜிஸ்டர். அளக்கிற ஆள் யாரென்று அவருக்கு அங்கே வந்துதான் தெரிந்தது. முகம் ஒரு நிமிஷம் புளித்தது, அப்புறம் சிரித்தார்.

"ஓய் பூதலிங்கம்! இங்கேயா ஒட்டிண்டிருக்கீர்? யோசுவா சார், உங்களுக்கு ஆள் கிடைச்ச விதம் விசேஷம். இவர் எங்க கம்பெனியிலேருந்து எதுக்கு நின்னார்னு கேட்டேளா?"

"கேட்டேன்" என்றார் யோசுவா. "உக்காருங்க."

பட்டாபி ரெஜிஸ்டரை விரித்தார். மாதம் தவறாமல் சீமை எண்ணெய்ச் சோதனை. எல்லாம் ஐம்பத்தெட்டு. கீழே அழகான இங்கிலீஷ் கையெழுத்து. "எங்க சரக்கு எங்க கப்புல அறுபத்தஞ்சு. எங்க கப்பு ருஜுவான கப்பு. அப்ப எது தப்புன்னு நான் சொல்லணுமா?"

"சொல்லண்டாம் சார். ஓட்டிப் பாப்போம்" என்றார் பூதலிங்கம். "எங்க எண்ணெய், உங்க கப்பு. ஓட்டுகது நீங்க. வாட்ச்சு முதலாளி கையிலே."

இதைக் கேட்டதும் நான் டைப் மெஷினை விட்டு எழுந்துவிட்டேன். ரிப்பன் மாற்றுவதுபோல ஒரு பாவனை.

எண்ணெய்ப் பாத்திரமும் இரண்டு கப்புகளும் தண்ணீர்த் தொட்டியில் இருந்தன. தெர்மாமீட்டர் எண்பத்தாறில் நிற்கிறது என்று மூன்று பேரும் குனிந்து பார்த்து ஒப்புக்கொண்டார்கள். முதலில் பரிசோதனைச்சாலையின் கப்பில் பூதலிங்கம் ஓட்டினார். நூல் அறுந்தது. வேலாயுதன் வாட்சைப் பார்த்து, "அறுபத்திரெண்டு" என்றார். சர்டிபிகேட்டும் அதையே சொன்னது.

பிறகு பட்டாபி. விரலை எடுத்தார். அந்த ஒழுக்கு என் கண்ணுக்கே கொஞ்சம் பருமனாகத் தெரிந்தது. அறுந்தது.

வேலாயுதன் வாட்சைப் பார்த்தார், உதறினார், காதில் வைத்துப் பார்த்தார்.

"எத்தனை?" என்றார் யோசுவா.

"ஐம்பத்துமூணு."

"நீங்க ஆரம்பத்துல லேட்டா அமுக்கியிருப்பேள்" என்றார் பட்டாபி முதலாளியைப் பார்த்து. முதலாளியைக் குற்றம் சொல்லிய முதல் தடவை இதுவாகத்தான் இருக்கும். மறுபடி ஓட்டினார்கள். ஐம்பத்துமூன்று. மூன்றாம் தரமும் அதுவே.

அப்போதுதான் பட்டாபி அதைச் செய்தார். "ஏதோ அடைச்சுண்டிருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே, கை தானாக இடுப்புக்குப் போயிற்று. சாவிக்கொத்திலிருந்து காது குடையும் எஃகுக் குச்சியை எடுத்தார். கப்பைத் தலைகீழாகப் பிடித்து, துவாரத்தில் விட்டுச் சுழற்றிச் சுழற்றிக் குடைந்தார். எத்தனை வருஷப் பழக்கமோ, காதுக்குச் செய்வதுபோலவே ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.



"அடைச்சிருந்தா நேரம் கூடும் சார்" என்றார் பூதலிங்கம். "குறையாது."

பட்டாபியின் கை நின்றது.

யோசுவா கப்பை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பூதக்கண்ணாடி வைத்தார். துவாரத்தின் சுவரெல்லாம் கீறல். விளிம்பு பூப்போல விரிந்திருந்தது. "பித்தளையில எஃகு போட்டு இப்படிக் கொடைஞ்சா என்னத்துக்கு ஆகும்? துவாரம் பெருத்துப்போச்சு. பெயிண்டு சீக்கிரம் ஓடிருது. நீங்க நீர்த்துப்போச்சுன்னு நெனைச்சு டர்பன்டைனைக் குறைச்சிருப்பீங்க. அதான் இங்க எளுபத்தாறா வந்து நிக்குது."

"அப்போ எத்தனை கொல்லமாயிட்டு இப்படி?" என்றார் வேலாயுதன். மலையாளமும் தமிழுமாகப் பேசுகிறவர், கோபம் வந்தால் மலையாளம் முந்திக்கொள்ளும்; வருஷம் கொல்லமாகிவிடும்.

கப்பு தேய்ந்தது தெரியாமல் இருப்பது பெரிய பாவமில்லை. பட்டாபி அங்கேயே நிறுத்தியிருந்தால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார். ஆனால் பி.எஸ்ஸி. விடுமா?

"இந்த எண்ணெயை நான் நம்பலை" என்றார். "இவர் கையில் இருக்கிற எண்ணெய். மூணு வருஷமா மனசுல வச்சுண்டிருக்கிற மனுஷர். எதைக் கலந்தாரோ யார் கண்டா? நம்ம எண்ணெயைக் கொண்டுவரச் சொல்லுங்கோ. என் அலமாரியில பூட்டிப் பத்திரமா இருக்கு. யார் கையும் படாத சரக்கு."

கார் கரமனைக்குப் போய் வந்தது. பலகைப் பெட்டிக்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் ஒரு பைண்ட் பாட்டில். பட்டாபி அதைக் குழந்தைபோல எடுத்து மேஜைமேல் வைத்தார். வாயில் சிவப்பு அரக்கு முத்திரை. அரக்குமேல் காய்ந்த சந்தனம், சந்தனத்துமேல் குங்குமப் பொட்டு.

பூதலிங்கம் அந்தப் பாட்டிலை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். கையில் எடுக்கவில்லை. குனிந்து ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு நிமிர்ந்து, முதலாளியிடம் ரொம்பப் பணிவாகக் கேட்டார்.

"முதலாளி, இந்த மாதிரி எத்தனை பாட்டில் வாங்கினீங்க?"

"ஒண்ணே ஒண்ணு. கப்பலில் வந்நது. ஏன்?"

"இந்தப் பொட்டு?"

"அது நானல்லே வச்சது! வந்ந வருஷம் ஆயுத பூஜைக்கு. பட்டாபிதான் பறஞ்சு, இதையும் வைக்கணும்னு. பின்னே கொல்லம்தோறும் பூஜைக்கு எடுத்து வைக்கும். நல்ல ஐஸ்வர்யமுள்ள சாதனம்."

"முத்திரை அன்னைக்கு இருந்தபடியேதானே இருக்கு?"

"பின்னே? ஆரும் தொடாது."

பூதலிங்கம் ரெஜிஸ்டரைத் தன் பக்கமாகத் திருப்பினார். விரலால் வரிசையாகத் தொட்டுக்கொண்டே வந்தார். "நாப்பத்தொம்பது கார்த்திகையிலேருந்து மாசாமாசம் எண்ணெய் ஓட்டியிருக்கு. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டு. மேட மாச வெயிலிலேயும் ஐம்பத்தெட்டு, கர்க்கடக மாச மழையிலேயும் ஐம்பத்தெட்டு. ஒரு தடவைகூட அரை விநாடி ஏறல்ல, இறங்கல்ல. ஆக மொத்தம் அம்பத்தொம்பது தடவை." நிமிர்ந்தார். "முத்திரை உடையாத பாட்டிலிலேருந்து எண்ணெய் எப்படி சார் கப்புக்கு வந்துது?"

பட்டாபி வாயைத் திறந்தார். "அது... சர்டிபிகேட்டுல போட்டிருக்கிற கணக்குப்படி..."

"ஆமா. கணக்குப் போட்டா ஐம்பத்தெட்டுதான் வரும். கணக்குத்தான் போட்டிருக்கு. அளக்கல்ல."

வேலாயுதன் பாட்டிலைப் பார்த்தார். தான் வைத்த பொட்டைப் பார்த்தார். ரெஜிஸ்டரைப் பார்த்தார். முகத்தில் நிறம் ஏறிக்கொண்டே வந்தது.

"எடோ பட்டாபி, அளக்காதெயாணோ தான் எழுதியது?"

மூன்று வருஷத்துக்கு முன்னால் எந்த வார்த்தை பூதலிங்கத்தின்மேல் விழுந்ததோ, அதே வார்த்தை மலையாளத்தில். பூதலிங்கம் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கத்தியை எடுத்து அரக்கை உடைத்தார். சந்தனமும் குங்குமமும் மேஜையில் உதிர்ந்தன. எண்ணெயைத் தொட்டியில் வைத்து எண்பத்தாறுக்குக் கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரமும் பட்டாபி நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்ல ஆளில்லை. எல்லாம் தெரிந்த பிறகு மேலே அளப்பானேன் என்று யோசுவாகூடக் கேட்டுப் பார்த்தார்.

"ஆட்சேபம் சொன்னது அவங்க சார். முடிச்சிரணும்" என்றார் பூதலிங்கம்.

பரிசோதனைச்சாலையின் கப்பில் ஐம்பத்தெட்டு, கச்சிதமாக. பட்டாபியின் கப்பில் நாற்பத்தொன்பதரை. அந்த அளவைப் பட்டாபியே உரக்கப் படித்துத் தன் கையாலேயே எழுதவேண்டும் என்று பூதலிங்கம் பேனாவை நீட்டினார்.  அந்த அழகான இங்கிலீஷ் கையெழுத்தில் அன்று முதன்முதலாக ஒரு மைப்பொட்டு விழுந்தது.

*

சாயங்காலம் பட்டாபியைக் காரில் உட்காரவைத்துவிட்டு வேலாயுதன் மட்டும் திரும்பி வந்தார். நான் ரிப்போர்ட் அடிக்கக் காகிதம் மாட்டிக்கொண்டிருந்தேன். யோசுவா அறையில் இல்லை. வேலாயுதன் பூதலிங்கத்தின் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பூதலிங்கம்பிள்ளே, அன்னைக்கு ஞான் செய்தது தெற்று, தப்பு. சம்மதிச்சு. இப்போ ஒரு காரியம் கேக்கட்டே. கப்பு தேஞ்சுபோச்சு, சரக்கு தள்ளினேன், அது மட்டும் எழுதினா போதும். முத்திரைக் கதையும் ரெஜிஸ்டர் கதையும் குறிப்பிலே எழுதண்டா. அது எழுதினா டிப்பார்ட்மென்டுகாரன்மார் பட்டாபியை மாத்தாம ஒரு டிரம் எடுக்கமாட்டார். அவனுக்கு ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் உறச்சு வச்சிருக்கு. அதுக்குப் பகரமா, ஞான் உமக்கு ஒரு எழுத்து தராம். ஐம்பத்தொன்றிலே நீர் அளந்தது சரி, அறுபத்தஞ்சு சரி, தெற்று எங்கள்பேரில் என்னு. கம்பெனி காகிதத்தில், என் கையொப்பத்தோட. ஊருக்கெல்லாம் காணிக்கலாம்."

இதுதான் பூதலிங்கத்தை மூன்று வருஷமாகத் தின்ற விஷயம். அந்தக் கடிதம் ஒன்று கையில் இருந்தால், இரும்புக்கடைத் தராசை யார் உற்றுப் பார்த்தாலும் அவருக்குச் சோறு இறங்கும். ஒரு கையில் அவர் பெயர், மறு கையில் பட்டாபியின் தலை. இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்று முதலாளி ரொம்ப நயமாகச் சொல்லிவிட்டார்.

பூதலிங்கம் கப்பை எடுத்து மல்துணியால் ஒற்றினார்.  கடிதத்தை வாங்கிக்கொள்ளுமே ஐயா என்று மனசுக்குள் சொன்னேன். வாங்க வேண்டாம் என்றும் சொன்னேன். எனக்கென்ன, இரண்டிலும் கதை இருக்கிறது.

அந்த நேரத்தில் யோசுவா உள்ளே வந்தார். வேலாயுதன் இருந்த இருப்பைப் பார்த்தே புரிந்துகொண்டார். குறிப்பு எழுதுவது அளந்தவனின் பொறுப்பு, அதில் கைவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தார்: "கண்ணால கண்டதை எழுதினா நான் கையெழுத்துப் போடுவேன். கேட்டதை எழுதினா போடமாட்டேன்."

"முத்திரையைக் கண்டேன் சார்" என்றார் பூதலிங்கம். "ரெஜிஸ்டரையும் கண்டேன்." பிறகு முதலாளியைப் பார்த்து, "அவரு பெண்ணுக்குக் கல்யாணம். அன்னைக்கு என் வீட்டுல நீலாம்பாளுக்கு ஏழாம் மாசம். வேலை போன மறுவாரம் அது தங்கல்ல. அதுக்கப்புறம் எதுவும் தங்கல்ல. அதை நான் எங்கயாவது எழுதினேனா?"

இந்தத் தெருவில் நடக்கிற எதுவும் எனக்குத் தெரியாமல் நடக்காது என்று இருந்தேன். ஏழாம் மாசம் தெரியும். மறுவாரம் மருத்துவச்சி வந்ததும் தெரியும். இரண்டையும் பட்டாபியோடு சேர்த்துக் கட்டிப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை. அவள் வாளியில் அள்ளி ஊற்றியது என்ன தண்ணீர் என்று அன்றுதான் புரிந்தது.

வேலாயுதன் எழுந்து போய்விட்டார். கடிதமும் அவரோடு போயிற்று.

பூதலிங்கம் என் பக்கத்தில் வந்து நின்று நிதானமாகச் சொல்ல, நான் அடித்தேன். கம்பெனியின் கப்பு: அறுபத்திரண்டு வரவேண்டிய இடத்தில் ஐம்பத்துமூன்று. துவாரம் எஃகுக் கம்பியால் குடையப்பட்டுப் பெருத்துள்ளது. கப்பு உபயோகத்துக்குத் தகுதியில்லை. குறிப்பு: கம்பெனியின் தர எண்ணெய்ப் பாட்டில் முத்திரை உடையாத நிலையில் கொண்டுவரப்பட்டு எங்கள் முன் திறக்கப்பட்டது. ஆயினும் ரெஜிஸ்டரில் அந்த எண்ணெயால் ஐம்பத்தொன்பது முறை சோதித்ததாகப் பதிவு உள்ளது. பதிவுகள் அளவெடுக்காமல் எழுதப்பட்டவை.

"எத்தனை காப்பி?" என்றேன்.

"வாங்குத டிப்பார்ட்மென்டு நாலு. நாலுக்கும்."

கார்பன் நாலு வைத்து அடித்தால் கடைசிக் காப்பி மங்கும். அதனால் இரண்டு தடவை அடித்தேன். அந்த அளவுக்கு நானும் பங்கெடுத்துக்கொண்டேன்.

*

பட்டாபி பதினைந்து நாளில் வெளியே. பெண்ணுக்கு நிச்சயித்த கல்யாணம் தள்ளிப்போயிற்று, அப்புறம் முறிந்தது. தை மாதத்தில் குடும்பத்தோடு மதுரைப் பக்கம் யாரோ மச்சினன் வீட்டுக்குப் போனார். ஊர் உடனே பட்டாபி பக்கம் சாய்ந்தது. என்ன இருந்தாலும் ஒரு பெண்ணின் வாழ்வு, இப்படியா ஒருத்தன் வன்மம் வைப்பான் என்றார்கள். பூதலிங்கத்தை விரட்டியபோது இவர்களுக்கு இரக்கம் எங்கே போயிருந்தது என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை அலமாரியில் பூட்டியிருந்ததோ என்னவோ. வேலாயுதனும் தன் பங்குக்கு, 'அவரை அன்றே அளக்காமல் எழுதினதுக்குத்தான் விரட்டினேன், அந்த விரோதம்' என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பூதலிங்கத்தின் பெயர் கழுவப்படவே இல்லை. இரும்புக்கடை வரிசையில் இன்றும் அவரைப் பார்த்து இரண்டு பேர் காதோடு காதாகப் பேசுவார்கள். அவர் முதல் தேதியானால் கப்பை எண்ணெயில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

ரிப்போர்ட் போன அன்று சாயங்காலம் நான் ஒரு தப்புக் காரியம் செய்தேன். ஆபீஸ் காகிதம் வெளியே போகக்கூடாது. ஒரு காப்பியை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். நீலாம்பாள் வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"முதலாளி சொன்னதுக்கு அவரு சம்மதிச்சிருந்தா கடுதாசி கிடைச்சிருக்கும்" என்றேன், ஆழம் பார்க்க. "கண்ணாடி போட்டுச் சுவரிலே மாட்டியிருக்கலாம்."

"அதை மாட்டி என்னத்துக்கு அண்ணாச்சி, கும்பிடவா?" முறத்தைக் கீழே வைத்தாள். "நீங்க கொண்டாந்ததைக் காட்டுங்க."

கொடுத்தேன். இங்கிலீஷ் தெரியாதவள். எண் மட்டும் தெரியும். விரலை வைத்துத் தேடினாள்.

"எது அவன் கப்பு?"

காட்டினேன். ஐம்பத்துமூன்று. அந்த இடத்திலேயே விரலை வைத்துக்கொண்டு, "வாசியுங்க" என்றாள். முதலிலிருந்து கடைசிவரை தமிழில் சொன்னேன். 'அளவெடுக்காமல் எழுதப்பட்டவை' என்று முடித்தேன்.

"இன்னொரு தரம்" என்றாள். "மெள்ள."